பிரிண்டர் ஆனே ஆகலையா? மெக்கானிக்கை கூப்பிடறதுக்கு முன்னாடி சுவத்துலேர்ந்து பட்டன் வரைக்கும் செக் பண்ற வரிசை

பிரிண்டர்ல லைட்டே எரியலன்னா பெரும்பாலும் என்ன நடக்குதுன்னா, பவர் பட்டனை நாலு தடவை அமுக்குவாங்க, யூஎஸ்பி கேபிளை உருவி மாட்டுவாங்க, அதுக்கப்புறம் கம்ப்யூட்டர்ல உக்காந்து டிரைவரை அழிச்சுட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணுவாங்க. டிரைவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கம்ப்யூட்டரே இல்லாத ரூம்ல தனியா வெச்சு பட்டனை அமுக்கினாலும் நல்ல பிரிண்டர்னா லைட் எரியும். அதனால கம்ப்யூட்டரை மறந்துட்டு, கரண்ட் எங்கேருந்து வருதோ அங்கேருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு இடமா பிரிண்டரை நோக்கி வரணும். இந்த வரிசையை மாத்தாதீங்க, ஏன்னா ஒரு இடம் நிச்சயமா நல்லா இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த இடத்துல வர ரிசல்ட்டை நம்ப முடியும்.

## 1. எந்த மாதிரி ஆகலைன்னு முதல்ல பாருங்க

"ஆன் ஆகலை"ன்னு சொல்றதுல மூணு விதம் இருக்கு. ஒண்ணு, லைட், சத்தம், டிஸ்ப்ளே எதுவுமே இல்ல, கல்லு மாதிரி கிடக்கு. ரெண்டாவது, பட்டனை அமுக்கினதும் ஒரு செகண்ட் லைட் வந்துட்டு போயிடுது. மூணாவது, லைட் எரியுது ஆனா வேலை செய்யல, இல்ல ஆரஞ்சு லைட் மின்னுது.

மூணாவதுக்கு இந்த வழிகாட்டி இல்ல, அது பேப்பர் ஜாம், இங்க், கவர் திறந்திருக்கறது மாதிரி வேற கதை. முதல் ரெண்டுக்குத்தான் இது. இதுல ரெண்டாவது விதம்னா சுவர்ல கரண்ட் வருதுன்னு ஓரளவு தெரிஞ்சு போச்சு, அடாப்டர் இல்லன்னா பிரிண்டர் உள்ள இருக்கற பவர் சப்ளை மேல சந்தேகப்படலாம். இருந்தாலும் மேலேருந்தே வாங்க, லூஸ் சாக்கெட்டும் இதே மாதிரிதான் ஏமாத்தும்.

இன்னொண்ணு, நிறைய இங்க்ஜெட் பிரிண்டர்ல கொஞ்ச நேரம் யூஸ் பண்ணலன்னா தானாவே முழுசா ஆஃப் ஆகற செட்டிங் இருக்கு. நேத்து ராத்திரி ஆன்லயே விட்டுட்டு போனேன் காலைல பாத்தா செத்து கிடக்குன்னு பதறுவாங்க, பட்டனை ரெண்டு மூணு செகண்ட் அழுத்திப் பிடிச்சா எழுந்துரும். லேசா தட்டிட்டு விட்டா சில மாடல் கண்டுக்கவே கண்டுக்காது.

## 2. கைல எடுத்து வெச்சுக்க வேண்டியது

நல்லா ஓடுதுன்னு உங்களுக்கு நிச்சயமா தெரிஞ்ச ஒரு டேபிள் ஃபேன். டார்ச், இல்லன்னா மொபைல் லைட். உங்க பிரிண்டருக்கு பொருந்தற இன்னொரு பவர் கேபிள், வீட்லயே எங்கயாவது இருக்கும். மல்டிமீட்டர் இருந்தா நல்லது, இல்லாட்டியும் பரவால்ல.

கை ஈரமா இருக்கக் கூடாது, கால்ல செருப்பு இருக்கட்டும். கருகின வாசனை வந்தாலோ, மழைல ஒழுகி பிரிண்டர் மேல தண்ணி விழுந்திருந்தாலோ, பிளக்கை மாட்டினதும் எம்சிபி டப்புன்னு விழுந்தாலோ எதையும் செக் பண்ணாம நேரா கடைசி பகுதிக்கு போயிடுங்க. அந்த மூணு கேஸ்லயும் திரும்பத் திரும்ப கரண்ட் குடுத்துப் பாக்கறதுதான் சின்ன ரிப்பேரை பெருசாக்குது.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி யூஎஸ்பி, நெட்வொர்க் கேபிள், கேஷ் டிராயர் வயர் எல்லாத்தையும் உருவிடுங்க. பிரிண்டரும் கரண்டும் மட்டும் இருக்கணும், அப்பதான் குழப்பம் இல்ல.

## 3. சாக்கெட்: டெஸ்டரை நம்பாதீங்க

புதுசா செக் பண்றவங்க அதிகமா சறுக்கற இடம் இதுதான். ஸ்க்ரூ டிரைவர் மாதிரி இருக்கற லைன் டெஸ்டரை ஓட்டைல வெப்பாங்க, உள்ள லைட் எரியும், "கரண்ட் வருது"ன்னு முடிவு பண்ணிட்டு பிரிண்டர் மேல பழி போட்டுடுவாங்க. டெஸ்டர் சொல்றது ஃபேஸ் வயர்ல கரண்ட் இருக்கான்னு மட்டும்தான். நியூட்ரல் வயர் எங்கயாவது அறுந்திருந்தாலும் டெஸ்டர் ஜம்முன்னு எரியும், ஆனா அந்த சாக்கெட்ல ஒரு பொருளும் ஓடாது.

அதனால டேபிள் ஃபேனை அதே சாக்கெட்ல மாட்டி ஓட விடுங்க. மொபைல் சார்ஜரை மாட்டிப் பாக்கலாமேன்னு தோணும், ஆனா சார்ஜர் பொதுவா 100 வோல்ட்லேருந்து 240 வோல்ட் வரைக்கும் எது வந்தாலும் வேலை செய்யும். சாயங்காலம் வோல்டேஜ் நல்லா இறங்கிப் போயிருந்தாலும் போன் சமத்தா சார்ஜ் ஆகும். எல்ஈடி பல்பும் அப்படித்தான், நிறைய பல்பு லோ வோல்டேஜை வெளிய காட்டாது. ஃபேன் மெதுவா சுத்தினா உடனே கண்ணுக்கு தெரிஞ்சுரும். இங்க விக்கற லேசர் பிரிண்டர்ங்க பெரும்பாலும் 220 லேருந்து 240 வோல்ட்டுக்குன்னு செஞ்சது, லோ வோல்டேஜ்ல அதுங்கதான் முதல்ல அடம் பிடிக்கும்.

ஃபேன் ஓடும்போது பிளக்கை லேசா, மேல கீழ ஒரு நூலளவு அசைச்சுப் பாருங்க. ஃபேன் விட்டு விட்டு ஓடினாலோ உள்ள சர்ருன்னு சத்தம் வந்தாலோ சாக்கெட் உள்ள இருக்கற பித்தளை பிடி தளர்ந்து போச்சுன்னு அர்த்தம். ஓட்டையைச் சுத்தி பழுப்பு கலர்ல கருகின தடம் இருக்கான்னும் பாருங்க. அப்படி இருந்தா பிரிண்டரை தொடவே வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சாக்கெட்டை மாத்துங்க.

ஃபேனும் ஓடலன்னா மெயின் போர்டுல எம்சிபி கீழ விழுந்திருக்கான்னு பாத்து ஒரே ஒரு தடவை தூக்கி விடுங்க. பழைய வீடுன்னா பீங்கான் ஃபியூஸ் கேரியர் இருக்கும், அதுல வயர் போயிருக்கலாம். மெயினை ஆஃப் பண்ணாம அதை உருவாதீங்க.

## 4. நடுவுல இருக்கற பெட்டிங்க: எக்ஸ்டென்ஷன், ஸ்பைக் கார்டு, யுபிஎஸ்

சாக்கெட் நல்லா இருக்குன்னு தெரிஞ்சதும், நடுவுல இருக்கற எல்லாத்தையும் தூக்கிட்டு பிரிண்டரை நேரா சுவத்துல மாட்டுங்க. ஆன் ஆயிடுச்சா, அப்ப பழுது நடுவுல இருந்த பெட்டிலதான். பாதி பேருக்கு இங்கயே வேலை முடிஞ்சுரும்.

இந்த இடத்துலதான் ஃபியூஸ் வருது. நம்ம ஊர் உருண்டை பின் பிளக்குக்குள்ள பொதுவா ஃபியூஸ் கிடையாது, அதை ஸ்க்ரூ கழட்டித் தேடாதீங்க. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, துபாய் பக்கம் இருக்கறவங்க யூஸ் பண்ற சதுர பின் பிளக்குலதான் பின்னுக்கு நடுவுல சின்ன ஃபியூஸ் உக்காந்திருக்கும், அங்க இருக்கறவங்க முதல்ல அதை மாத்திப் பாக்கணும். இங்க ஃபியூஸ் இருக்கறது ஸ்பைக் கார்டுல. ஸ்விட்ச் பக்கத்துல கறுப்பா ஒரு மூடி இருக்கும், பிளக்கை சுவத்துலேருந்து உருவிட்டு அந்த மூடியைத் திருகினா கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு ஃபியூஸ் வெளிய வரும். உள்ள இருக்கற மெல்லிசு கம்பி அறுந்திருந்தா போச்சு. சில பெட்டில ஃபியூசுக்கு பதிலா அமுக்கற பட்டன் இருக்கும், ஓவர்லோடு ஆனா அது வெளிய துருத்திக்கும், உள்ள தள்ளினா திரும்ப ஓடும்.

கண்ணாடியோட நிறத்தையும் பாருங்க. கம்பி மட்டும் நடுவுல அறுந்து கண்ணாடி சுத்தமா இருந்தா லேசான ஓவர்லோடா இருக்கலாம், அதே போர்டுல யாராவது அயர்ன் பாக்ஸ் மாட்டினாங்களான்னு கேளுங்க. கண்ணாடி உள் பக்கம் கறுத்தோ வெள்ளி பூசின மாதிரியோ இருந்தா பெரிய கரண்ட் ஒரே வீச்சுல பாஞ்சிருக்கு, எங்கயோ ஷார்ட் ஆயிருக்க வாய்ப்பு அதிகம். மாத்தும்போது மூடி பக்கத்துல எழுதியிருக்கற அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போடணும். சிகரெட் பேப்பர் சுத்தறது, வயரை முறுக்கி வெக்கறது எல்லாம் வேணாம், அடுத்த தடவை எரியறது ஃபியூஸா இருக்காது. புது ஃபியூஸும் பிரிண்டரை மாட்டினதும் போச்சுன்னா நிறுத்திடுங்க, ஷார்ட் பிரிண்டர் உள்ளதான்.

யுபிஎஸ்ல லேசர் பிரிண்டரை மாட்டி வெச்சிருக்கறவங்க நிறைய. சாதாரணமா கடைல கிடைக்கற 600 விஏ யுபிஎஸ் தர்றது சுமார் 360 வாட்தான். லேசர் பிரிண்டர் ஆன் ஆகும்போது தூள் மையைப் பேப்பர்ல உருக்கி ஒட்ட வெக்கற ஃபியூசர்ங்கற பாகம் சூடாகறதுக்கு அதை விட ரொம்ப அதிகமா ஒரே மூச்சுல இழுக்கும். யுபிஎஸ் கீ கீன்னு கத்திட்டு ஆஃப் ஆகும், இல்ல பின்னாடி இருக்கற பிரேக்கர் பட்டன் வெளிய வந்துரும். பிரிண்டர்ல குறையே இல்ல, லேசரை யுபிஎஸ்ல மாட்டக் கூடாது, அவ்வளவுதான். இங்க்ஜெட்டும் பில் பிரிண்டரும் மாட்டலாம்.

## 5. பவர் கேபிள்

இங்க்ஜெட்ல பெரும்பாலும் எட்டு வடிவத்துல ரெண்டு ஓட்டை இருக்கற கேபிள், லேசர்ல கம்ப்யூட்டர் சிபியூவுக்கு போடற மாதிரி தடியா மூணு ஓட்டை கேபிள். ரெண்டுமே வெளிய நல்லா இருக்கற மாதிரி இருக்கும், ஆனா பிளக்குக்குள்ள வயர் நுழையற கழுத்துல உள்ளயே அறுந்திருக்கும். பிளக்கைப் பிடிக்காம வயரைப் பிடிச்சு இழுக்கற பழக்கம் இருக்கற வீட்ல இது ரொம்ப சகஜம்.

கேபிளை மாத்திப் பாக்கறதுதான் சரியான டெஸ்ட். எட்டு வடிவ கேபிள் டேப் ரெக்கார்டர், செட் டாப் பாக்ஸ், சில லேப்டாப் சார்ஜர்ல இருக்கும், தடி கேபிள் சிபியூல, மானிட்டர்ல இருக்கும். மாட்டும்போது கடைசி வரைக்கும் அழுத்துங்க. எட்டு வடிவ கேபிள் புதுசுல பாதி போனதும் டைட்டா நின்னுரும், மாட்டிட்டோம்னு நினைப்பீங்க, ஆனா இன்னும் அரை சென்டிமீட்டர் வெளிய நிக்கும். பிரிண்டரைத் துடைக்கறதுக்காக நகத்தினப்புறம் ஆன் ஆகலைன்னா முதல் சந்தேகம் இதுதான்.

வெளிநாட்லேருந்து வந்த பிரிண்டர்னா பின்னாடி ஒட்டியிருக்கற லேபிளைப் படிக்காம மாட்டாதீங்க. அமெரிக்கால வாங்கின லேசர் 110 வோல்ட்டா இருக்கலாம், இங்க 230ல சொருகினா போச்சு, அதுக்கப்புறம் கேபிள் மாத்தி பிரயோஜனம் இல்ல.

## 6. அடாப்டர்

கேபிள் நேரா பிரிண்டருக்குள்ள போகுதுன்னா இந்தப் பகுதியைத் தாண்டிடுங்க. நடுவுல கறுப்பு கட்டி தொங்கற பில் பிரிண்டர், லேபிள் பிரிண்டர், சில இங்க்ஜெட்டுக்குத்தான் இது.

அடாப்டர் மேல இருக்கற பொடி எழுத்துல அவுட்புட்டுன்னு ஒரு வரி இருக்கும், அதை போட்டோ எடுத்து பெருசு பண்ணிப் படிங்க. மூணு இஞ்ச் பில் பிரிண்டருக்கு பெரும்பாலும் 24 வோல்ட், 2 லேருந்து 2.5 ஆம்பியர். ரெண்டு இஞ்ச் சின்ன பிரிண்டர்ல 12 வோல்ட், 9 வோல்ட்னும் வரும். மாத்து அடாப்டர்னா வோல்ட் அச்சா அதேதான் இருக்கணும், ஆம்பியர் அதே இல்ல அதுக்கு மேல இருக்கலாம், குறையக் கூடாது. பின் உள்ள போகுதுங்கறதுக்காக வைஃபை ரவுட்டரோட 12 வோல்ட் அடாப்டரை 24 வோல்ட் பிரிண்டர்ல சொருகி "இதுலயும் ஆகல, பிரிண்டர்தான் போச்சு"ன்னு முடிவுக்கு வந்தவங்களைப் பாத்திருக்கேன். அது கூட பரவால்ல, 24ஐக் கொண்டு போய் ரவுட்டர்ல மாட்டினா ரவுட்டர் அந்த நிமிஷமே காலி.

இப்ப டெஸ்ட். அடாப்டரை பிரிண்டர்லேருந்து கழட்டிட்டு கரண்ட்ல மட்டும் மாட்டுங்க. அதுல லைட் இருந்தா நிலையா எரியணும். எரியலன்னா அடாப்டர் அவுட். எரிஞ்சா அப்படியே பாத்துக்கிட்டே பிரிண்டர்ல சொருகுங்க. சொருகினதும் லைட் மங்கி, மின்னி மின்னி அணைஞ்சு, காதுகிட்ட வெச்சா டிக் டிக்னு மெலிசா சத்தம் கேட்டா ரெண்டுல ஒண்ணு: அடாப்டர் சுமையைத் தாங்க முடியாம விழுது, இல்ல பிரிண்டர் உள்ள ஷார்ட். எதுன்னு அதே மாதிரி இன்னொரு அடாப்டர்தான் சொல்லும்.

மல்டிமீட்டர் இருந்தா டிசி 200 வோல்ட்ல வைங்க. 20ல வெச்சா 24 வோல்ட் அதுல அடங்காம வெறும் 1 மட்டும் காட்டும், அதைப் பாத்துட்டு அடாப்டர் போச்சுன்னு தூக்கிப் போட்டுருவாங்க. சிவப்பு முனை பின்னோட உள் ஓட்டைல, கறுப்பு வெளிப் பக்கத்துல. 24க்கு பக்கத்துல ஆடாம நின்னா சரி, ஏறி இறங்கினா போச்சு. முன்னாடி கழித்தல் குறி வந்தா பின்னோட பிளஸ் மைனஸ் உல்டாவா இருக்கு, அடாப்டர் மேலயும் பிரிண்டர் மேலயும் இருக்கற வட்டப் படம் ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு ஒப்பிட்டுப் பாக்காம மாட்டக் கூடாது. ஆனா ஒண்ணு, சும்மா இருக்கும்போது 24 காட்டறதால அடாப்டர் நல்லதுன்னு ஆயிடாது. உள்ள கெபாசிட்டர் உப்பிப் போன அடாப்டர் சுமை இல்லாதப்ப சரியாவே காட்டும், பிரிண்டர் இழுக்க ஆரம்பிச்சதும் விழுந்துரும்.

பில் பிரிண்டர்ல நிறைய மூணு பின் வட்ட பிளக்தான் இருக்கும், ஒரு பக்கம் தட்டையா. அதைச் சுத்தி ஒரு உறை இருக்கும், அந்த உறையைப் பின்னாடி இழுத்தாத்தான் பூட்டு விடும். இது தெரியாம வயரைப் பிடிச்சு பலமா இழுத்து உள்ள வயரைப் பிச்சுடறாங்க. இந்தப் பிளக்ல மல்டிமீட்டர் முனையை விடாதீங்க, பின்னுங்க ரொம்ப நெருக்கம், சறுக்கினா அங்கயே ஷார்ட் ஆகும். வேற அடாப்டர் மாத்திப் பாக்கறதே போதும்.

## 7. மிச்சக் கரண்டை வடிய விடறது

மின்னல் வெட்டினப்புறமோ, கரண்ட் பட்டு பட்டுனு போய் வந்தப்புறமோ ஆன் ஆகலன்னா இதை விடாதீங்க. பவர் சப்ளை தன்னைக் காப்பாத்திக்க பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கலாம், உள்ள இருக்கற கெபாசிட்டர்ல கரண்ட் முழுசா இறங்கினாத்தான் அந்தப் பூட்டு விடும்.

பிளக்கை சுவத்துலேருந்தும் பிரிண்டர்லேருந்தும் உருவிடுங்க. பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க. அஞ்சு நிமிஷம் சும்மா விட்டுட்டு நேரா சுவத்துல மாட்டி ஆன் பண்ணுங்க. சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணி உடனே ஆன் பண்றது இதுக்கு பதிலாகாது, அவசரத்துல எல்லாரும் அதைத்தான் செய்யறாங்க.

## 8. ஸ்விட்சும் பட்டனும்

லேசர், பில் பிரிண்டர்ல பின்னாடியோ பக்கவாட்டுலயோ தனியா ஒரு பெரிய ஸ்விட்ச் இருக்கலாம், கோடும் வட்டமும் போட்டிருக்கும். கோட்டுப் பக்கம் அமுங்கியிருந்தா ஆன். பெருக்கும்போது தொடப்பம் பட்டு வட்டத்துக்குப் போயிருக்கும், முன்னாடி இருக்கற பட்டனை எவ்வளவு அமுக்கினாலும் ஒண்ணும் நடக்காது.

முன் பட்டனை விரல் நுனியால மெதுவா அமுக்கி டிக்குன்னு ஒரு சின்ன துள்ளல் தெரியுதான்னு பாருங்க. துள்ளல் இல்லாம மொத்தையா இருந்தா, இல்ல அமுங்கினது மேல வராம உள்ளயே நின்னா, பட்டன் சிக்கியிருக்கு. காபி, டீ சிந்தினது, இங்க் பட்டது, இல்ல தூசி பிசுபிசுப்பா சேர்ந்தது. சிக்கின பட்டனை பிரிண்டர் யாரோ விடாம அழுத்திக்கிட்டே இருக்காங்கன்னு எடுத்துக்கும், அதனால ஆன் ஆகாது, இல்ல ஆகி உடனே ஆஃப் ஆகும்.

கரண்டை உருவிட்டு, காது குடையற பட்ஸ் நுனில கொஞ்சமா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஓரத்தைச் சுத்தி துடைச்சு பட்டனை பத்து தடவை அமுக்கி விடுங்க. பஞ்சுலேருந்து சொட்டக் கூடாது. தேங்காய் எண்ணெய், துரு எடுக்கற ஸ்ப்ரே எதுவும் வேணாம். கால் மணி நேரம் காய விட்டுட்டு கரண்ட் குடுங்க.

## 9. ஒரு மெடிக்கல் கடை பில் பிரிண்டர்

இந்த வரிசை எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு கேஸ் சொல்றேன். காலைல கடையைத் திறந்தாங்க, பில் பிரிண்டர்ல லைட் இல்ல. கடைப் பையன் டெஸ்டர் வெச்சான், எரிஞ்சுது. "அண்ணே, கரண்டு வருது, பிரிண்டர்தான் போயிடுச்சு"ன்னான். புது பிரிண்டர் வெலை கேக்கற வரைக்கும் போயாச்சு.

ஃபேனை அதே சாக்கெட்ல மாட்டினோம், நல்லா ஓடிச்சு, அசைச்சாலும் நிக்கல. ஸ்பைக் கார்டை விட்டுட்டு அடாப்டரை நேரா சுவத்துல மாட்டினதும் அடாப்டர்ல பச்சை லைட் நிலையா எரிஞ்சுது. பிரிண்டர்ல சொருகினதும் அதே லைட் மினுக்கிட்டு டிக் டிக்னு ஆரம்பிச்சுது. இந்த இடத்துல பையன்கிட்ட கேட்டது, "ரெண்டு மூணு நாளா எப்படி இருந்துச்சுப்பா?" பில் மேல கடை லோகோ அடிக்கும்போது மட்டும் ஆஃப் ஆகி ஆன் ஆச்சு, வெறும் எழுத்து மட்டும்னா வந்துச்சுன்னான். லோகோ கறுப்பு அதிகம், ஒரே நேரத்துல தெர்மல் ஹெட்ல நிறைய புள்ளி சூடாகணும், அப்பதான் கரண்ட் அதிகமா இழுக்கும். அதுல விழுந்துச்சுன்னா தளர்ந்துக்கிட்டு வந்தது அடாப்டர்தான்னு தோணிச்சு. பிரிண்டர் உள்ள ஷார்ட்னா இப்படி நாள் கணக்கா சொல்லி வெச்சு வராது, பெரும்பாலும் ஒரே அடியா போயிடும்.

பக்கத்து ஜவுளிக் கடைலயும் அதே மாடல். அவங்க அடாப்டரை வாங்கி, ரெண்டு லேபிளையும் பக்கத்துல வெச்சு 24 வோல்ட், 2.5 ஆம்பியர்னு பாத்துட்டு மாட்டினோம், லைட் வந்துச்சு, லோகோவும் முழுசா அடிச்சுது. நம்ம சந்தேக அடாப்டரை ஜவுளிக் கடை பிரிண்டர்ல போட்டுப் பாக்கலாமான்னு பையன் கேட்டான், கூடாது. கெட்டுப் போன அடாப்டர் எத்தனை வோல்ட் தள்ளும்னு சொல்ல முடியாது, அடுத்தவங்க பிரிண்டரை அதுக்கு பலி குடுக்கக் கூடாது. நல்ல அடாப்டரை சந்தேக பிரிண்டர்ல போடலாம், ஷார்ட் இருந்தா நல்ல அடாப்டர் பொதுவா தன்னைத்தானே ஆஃப் பண்ணிக்கும்.

## 10. எங்க நிறுத்தணும், டெக்னீஷியன்கிட்ட என்ன சொல்லணும்

மேல சொன்னது எல்லாம் பாத்தும் லைட் வரலன்னா பிரச்சனை பிரிண்டர் உள்ள இருக்கற பவர் சப்ளை போர்டுலயோ மெயின் போர்டுலயோதான். பவர் போர்டுலயும் ஒரு ஃபியூஸ் இருக்கும், ஆனா பெரும்பாலும் சால்டர் பண்ணியிருக்கும். அது போனா வழக்கமா அதுக்குப் பின்னாடி வேற ஏதோ ஷார்ட் ஆகித்தான் போயிருக்கும், ஃபியூஸை மட்டும் மாத்தினா அடுத்த செகண்டே திரும்ப போகும். அதை விட முக்கியம், 230 வோல்ட் லைன்ல அந்த போர்டுல இருக்கற பெரிய கெபாசிட்டர் சுமார் 325 வோல்ட் வரைக்கும் நிரம்பியிருக்கும், பிளக்கை உருவினப்புறமும் கொஞ்ச நேரம் அப்படியே நிக்கும். அதனால கவரைக் கழட்டாதீங்க. வாரண்டி இருந்தா ஸ்டிக்கரைக் கிழிச்சதும் அதுவும் போயிடும்.

வெளிலேருந்து டார்ச் அடிச்சு காத்து போற ஓட்டை வழியா எட்டிப் பாக்கறது தப்பில்ல. பல்லி, கரப்பான் உள்ள போய் பவர் போர்டுல ஒட்டிக்கிட்டு ஷார்ட் ஆகறது நம்ம ஊர்ல நடக்கற விஷயம்தான். எச்சமோ, செத்த பூச்சியோ தெரிஞ்சா கரண்ட் குடுக்காம அதைச் சொல்லி அனுப்புங்க.

போன்ல "ஆன் ஆகல சார்"னு மட்டும் சொன்னா அவர் வந்து முதல் ஒரு மணி நேரம் நீங்க பாத்ததையே திரும்ப பாத்துட்டு விசிட் சார்ஜ் போடுவார். அதுக்கு பதிலா மாடல் பேர், நேரா சுவத்துல மாட்டியும் லைட் இல்ல, அதே சாக்கெட்ல ஃபேன் ஓடுது, கேபிள் மாத்தியாச்சு, அதே ரேட்டிங் அடாப்டர் மாத்தியும் இப்படித்தான், கடைசியா எப்ப ஓடுச்சு, அப்ப மின்னலோ கரண்ட் கட்டோ இருந்துச்சா, ஃபியூஸ் போச்சுன்னா கண்ணாடி கறுத்துச்சா, இதெல்லாம் சொல்லுங்க. பவர் போர்டுதான்னு அவர் ஊகிச்சு அந்த மாடலுக்கான போர்டைக் கையோட எடுத்துட்டு வந்துட்டா ரெண்டாவது விசிட் மிச்சம். வரும்போது உங்க பவர் கேபிளையும் அடாப்டரையும் பிரிண்டர் பக்கத்துலயே வெச்சிருங்க, கடைக்கு எடுத்துட்டு போறார்னாலும் ரெண்டையும் சேர்த்துக் குடுத்து ரசீதுல எழுதி வாங்குங்க, திரும்பி வரும்போது காணாமப் போறது பெரும்பாலும் அதுங்கதான்.